தீதியின் இரண்டு பெட்டி

அந்தமானில் லாங் ஐலண்ட் என்ற தீவில் ஒரு சின்னக் கடைக்கு மாதம் இரண்டு பெட்டிச் சரக்கு போகும். ஒன்று முழுக்க பிஸ்கட். இன்னொன்றில் பால் பவுடரும் சோப்பும் கலந்து இருக்கும். அந்த இரண்டு பெட்டி தொடர்ந்து போகுமா, நின்று போகுமா என்ற கவலை ஒரு மழைக்காலம் முழுக்க என்னை விடவில்லை. என் வீட்டுக் கவலைகளே எனக்குப் போதும். இதை நான் கேட்டு வாங்கவில்லை.

போர்ட் பிளேரில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வருகிற சரக்கை நாங்கள் பிரித்து, ஊருக்குள் உள்ள கடைகளுக்கு வேனிலும், மாயாபந்தர், திக்லிபூர் பக்கம் லாரியிலும், லாங் ஐலண்ட் மாதிரி இடங்களுக்குப் படகிலும் அனுப்புவோம். பெரிய முதலாளி இருந்தவரை எந்தக் கடை எப்படி என்பது அவர் வாயில்தான் இருந்தது. அவருக்கு முட்டி வலி வந்து வீட்டோடு உட்கார்ந்த பிறகு, சென்னையில் படித்துக்கொண்டிருந்த மகன் வந்தார். எங்களுக்கு அவர் சின்ன முதலாளி. நான் 'தம்பி' என்பேன். அவர் என்னை 'அக்கா' என்பார். நல்ல பிள்ளை. அதனால்தான் அவரிடம் கோபப்படுவதும் எனக்கு அலுப்பாக இருக்கும்.

வந்த கொஞ்ச நாளிலேயே லேப்டாப்பை என் மேஜைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஒவ்வொரு கடைக்கும் மூணே கேள்விக்கா. கடைசியா எப்ப வாங்குனாங்க, வருஷத்துல எத்தனை தடவை வாங்குனாங்க, மொத்தம் எவ்வளவுக்கு வாங்குனாங்க. நம்ம பில் எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு. அதுவே பதில் சொல்லிரும்."

விஷயம் கடினமில்லை. மாதக் கடைசியில் ஒரு தேதியை வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு முந்தைய ஒரு வருடத்துப் பில்களை எடுத்து, கடைசி பில்லிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்று பார்த்து எல்லாக் கடைகளையும் வரிசைப்படுத்த வேண்டும். வரிசையை ஐந்து சம பங்காக வெட்டினால், அண்மையில் வாங்கிய பங்குக்கு ஐந்து மார்க், வாங்கி ரொம்ப நாளான பங்குக்கு ஒன்று. இதே மாதிரி பில் எண்ணிக்கைக்கு ஒரு மார்க், மொத்தத் தொகைக்கு ஒரு மார்க். ஆக ஒவ்வொரு கடைக்கும் மூன்று எண். ஐந்து ஐந்து ஐந்து என்றால் சாம்பியன். ஒன்று ஒன்று ஒன்று என்றால் போனவர்கள். நடுவில் உள்ளவர்களுக்கும் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார். யாருக்குச் சலுகை தருவது, யாரைப் போன் போட்டுக் கூப்பிடுவது, யாரைச் சும்மா விடுவது என்பதெல்லாம் அந்த மூன்று எண்ணைப் பார்த்து முடிவாகும்.

முதல் தடவை மார்க் போட்டுப் பார்த்தபோது ஊர்க் கடைகள் எதிர்பார்த்த மாதிரிதான் இருந்தன. மாயாபந்தர், லாங் ஐலண்ட் போகிற வடக்கு லைன்தான் இடித்தது. லாங் ஐலண்ட் கடைகள் ஐந்து பட்டியலில் இருந்தன. அதில் நான்குக்கு ஒன்று, ஒன்று, ஐந்து. நிறையத் தொகைக்கு வாங்கியவர்கள், இரண்டு மூன்று தடவை மட்டும் வாங்கியவர்கள், இப்போது வாங்காமல் போனவர்கள் என்று அதற்கு அர்த்தம். மாயாபந்தரிலும் அப்படியே ஒரு கூட்டம்.

சின்ன முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. "பெரிய பார்ட்டிங்க ஒவ்வொருத்தரா கழண்டுக்கிறாங்கக்கா. அப்பாவுக்குத் தெரியவே இல்ல பாருங்க. இன்னிக்கே போன் போடுங்க. ஏன் விட்டுட்டுப் போனீங்கன்னு கேளுங்க."

எனக்கு இந்த மாதிரி போன் பேசுவது பிடிக்காது. இருந்தாலும் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு முதலில் லாங் ஐலண்ட் ஜெட்டி பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டேன். பெங்காலிக்காரர். நாங்கள் பேசுவது எங்கள் தீவு ஹிந்தியில். எங்களிடம் வாங்குவதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று மரியாதையாகக் கேட்டேன்.

"சோட் தியா மத்லப்?" என்றார் அவர். விட்டுவிட்டேன் என்றால் என்ன அர்த்தம் என்று. "கல் ஹி தோ ஆப்கா மால் உத்ரா, மேடம்." நேற்றுத்தானே உங்கள் சரக்கு படகிலிருந்து இறங்கியது என்று சிரித்தார். "மேரா பாரி அபி நஹி ஆயா."

பாரி என்றால் முறை. அவர் முறை இன்னும் வரவில்லையாம்.

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. பில் பெரிதாக இருந்தால் எங்கள் கம்பெனி அதிகத் தள்ளுபடி தருகிறது. படகிலும் ஒரே ஆள் பெயரில் ஒரே சீட்டாகச் சரக்கு ஏற்றினால் கூலி குறைவு. அதனால் லாங் ஐலண்ட் கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து மாதம் ஒரே ஆர்டராகப் போடுகிறார்கள். யார் பெயரில் போடுவது? பெரிய பில் போட்டவருக்கு வருடக் கடைசியில் குக்கர், மிக்ஸி என்று பரிசு தருகிற வழக்கமும் எங்களுடையதுதான். ஒருத்தருக்கே பரிசு போனால் நியாயமில்லை என்று முறை வைத்துவிட்டார்கள். இந்த மாதம் இவர் பெயர், அடுத்த மாதம் அவர் பெயர். எங்கள் கம்ப்யூட்டருக்குப் பெயர்தான் தெரியும், முறை தெரியாது. ஊர்க் கடைகள் வாராவாரம் வாங்குகிறவை. அவற்றோடு சேர்த்து வரிசைப்படுத்தினால், இந்த மாதம் முறை வராத அத்தனை பேரும் கடைசிப் பங்கில்தான் விழுவார்கள்.

போனை வைத்துவிட்டு மார்க்கை மறைத்து, வெறும் தேதிகளைப் பார்த்தேன். ஐந்து கடைக்கும் கடைசி பில் தேதி படிக்கட்டு மாதிரி இறங்கியது, ஒரு படகுக்கு ஒரு படியாக. மார்க்காக மாற்றியபோது அந்தப் படிகளில் நான்கு, ஒன்று என்ற ஒரே எண்ணுக்குள் போய்விட்டன. பில் கவுன்டரில் இருக்கிற அண்ணனிடம் போய்க் கேட்டேன். "பாரிதானே, இது தெரியாதா உனக்கு? ஒவ்வொரு மாசமும் போன் பண்ணி யாரு பேருல போடணும்னு சொல்லுவாங்களே" என்றார். யாரும் கேட்கவில்லை, அதனால் அவர் சொல்லவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் டீயைக்கூடக் குடிக்காமல் சின்ன முதலாளி அறைக்குப் போனேன்.

அவர் ஏற்கனவே மெசேஜ் அனுப்பிவிட்டார்.

வடக்கில் ஒன்று, ஒன்று, ஐந்து வாங்கிய எல்லாக் கடைகளுக்கும்: உங்களைக் காணாமல் தவிக்கிறோம், இந்த மாதத்துக்குள் உங்கள் பெயரில் ஆர்டர் போட்டால் தனிச் சலுகை. நான் போன் பேசிக்கொண்டிருந்த நேரத்திலேயே போய்விட்டதாம். நான் சொன்னதைக் கவனமாகக் கேட்டார். "சரிக்கா, ஒரு தடவைதானே. சலுகை குடுத்தா யாருக்கு நஷ்டம்?" என்றார்.

யாருக்கு என்பது அடுத்த படகில் தெரிந்தது. சலுகை வேண்டுமென்று ஐந்து கடைக்காரர்களும் தனித்தனியாகத் தங்கள் பெயரில் ஆர்டர் போட்டார்கள். அந்த மாதம் முறை ஜெட்டிக் கடைக்காரருடையது. தன் முறையில் எல்லோரும் கழண்டுகொண்டார்கள் என்று அவருக்குக் கோபம். இனிமேல் அவரவர் சரக்கை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டாராம். எங்கள் ஜெட்டியில் ஒரு சீட்டாக ஏற வேண்டிய சரக்கு ஐந்து சீட்டாக நின்றது. அன்றைக்கு நல்ல மழை. தார்ப்பாய் ஒன்றுதான் இருந்தது. ஒரு கடையின் மாவுப் பெட்டிகள் நனைந்து, அவற்றைத் திரும்பக் கிடங்குக்கு எடுத்து வந்தோம். கூலிக்காரர்கள் திட்டியதை இங்கே எழுத முடியாது.

மறுநாள் எனக்கு ஒரு போன் வந்தது. தெரியாத நம்பர், பெண் குரல், தமிழ்.

"அக்கா, லாங் ஐலண்ட்லருந்து பேசுறேன். ஜெட்டிக் கடை அண்ணன், இங்க தாதானு கூப்பிடுவோம், அவருதான் உங்க நம்பர் குடுத்தாரு."

"கடைப் பேரு என்னம்மா?"

"பேரெல்லாம் இல்லக்கா. தீதி கடைனு சொல்லுவாங்க, அக்கா கடைனு அர்த்தம். நான் தமிழ்தான், இங்க சுத்தி எல்லாம் பெங்காலி, அதனால தீதியாயிட்டேன். என் ரெண்டு பெட்டி வரலக்கா."

நம்பரைத் தட்டித் தேடினேன். எங்களிடம் அப்படி ஒரு கடையே இல்லை. போனவர்கள் பட்டியலிலும் இல்லை. ஒரு பில்லாவது இருந்தால்தான் கடைசியாக எப்போது வாங்கினார் என்றே கேட்க முடியும். அவர் பெயரில் ஒரு பில்லும் கிடையாது. பத்துப் பெட்டிக்கு மேல் எடுக்கிறவர்களுக்குத்தான் முறை. இரண்டு பெட்டி எடுக்கிறவருக்கு முறை வராது. யார் முறையோ அவர் பில்லில் இவர் சரக்கும் சேர்ந்து வந்துவிடும், அவ்வளவுதான்.

"நீங்க தனியா ஆர்டர் போட்டீங்களா?"

"போட்டேன்கா. பத்துப் பெட்டிக்குக் குறைஞ்சு படகுல போடறதில்லன்னு கவுன்டர்ல சொல்லிட்டாங்க. நான் பத்துப் பெட்டிக்கு எங்க போவேன்? வீட்டு முன் ரூம்லதான் கடை. வீட்டுக்காரருக்கு டோங்கில, மீன் பிடிக்கிற சின்னப் படகுல, முதுகு போயி ரெண்டு வருஷமாகுது. கடலுக்குப் போறதில்ல. இந்தக் கடை நின்னா நான் ரங்கத் டவுனுக்குப் போயி கூலிக்குத்தான் நிக்கணும்."

அழவில்லை. ரேஷன் கடையில் விவரம் சொல்கிற குரலில் சொன்னார். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பத்துப் பெட்டிக் கணக்கைத் தளர்த்தச் சொல்லிக் கேட்டேன். "ஒருத்தருக்குன்னு தொறந்தா எல்லாருக்கும் தொறக்கணும்க்கா" என்றார் சின்ன முதலாளி. அதிலும் தப்பு சொல்ல முடியாது. அடுத்த படகுக்கும் ஐவரும் தனித்தனியாகவே போட்டார்கள். தீதிக்குச் சரக்கு போகவில்லை. கடையில் மிட்டாயும் தீப்பெட்டியும்தான் இருக்கிறது என்றார்.

அந்த மாத மார்க்கைப் போட்டதும் சின்ன முதலாளி குதித்தார். வடக்குக் கடைகளுக்கு முதல் எண் மேலே ஏறிவிட்டது. பில் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டிருந்தது. "பாத்தீங்களா அக்கா, போனவங்க எல்லாம் திரும்பி வந்துட்டாங்க!"

"யாருமே போகல தம்பி. அப்புறம் யாரு திரும்பி வந்தது?"

ஐந்து சம பங்கு என்று வெட்டும்போது சிலர் ஏறினால் சிலர் இறங்கத்தான் வேண்டும். எப்போதும் போல வாங்கிக்கொண்டிருந்த ஊர்க் கடைகள் சில ஒரு பங்கு கீழே போயிருந்தன. அதையும் காட்டினேன். படகுக் கூலி எவ்வளவு கூடியிருக்கிறது என்றும் சொன்னேன். அவர் யோசித்தார். பிறகு, "நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா யாரு எவ்வளவு எடுத்தாங்கன்னு ஆதாரம் வேணும்ல?" என்றார்.

ஆதாரம் இருந்தது. அதைக் கிளறுவதை நினைத்தாலே அலுப்பாக இருந்தது. மாதாமாதம் ஜெட்டிக் கடைக்காரர்தான் எல்லோருடைய தேவையையும் சேர்த்து, கவுன்டர் வாட்ஸ்அப்பில் குரல் மெசேஜாக அனுப்புவார். இந்தக் குழப்பத்துக்கு முந்தைய ஒரு வருடத்து மெசேஜ்களையும் கேட்க உட்கார்ந்தேன். பின்னால் காற்று, நாய், படகு ஹாரன். நடுவில் அவர் பீடி பற்றவைத்துக்கொள்வார். எனக்கு பாரா பெட்டி, அதாவது பன்னிரண்டு, என்று தன் கணக்கில் ஆரம்பித்து, ஒவ்வொரு கடையாகச் சொல்வார். நான் நிறுத்தி நிறுத்தி எழுதினேன். பகலில் பில் வேலை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் இது. காதில் ஒரு வாரம் கடல் காற்று இரைந்துகொண்டே இருந்தது.

எல்லா மெசேஜும் ஒரே மாதிரி முடிந்தது. "அவுர் தீதி கா தோ பெட்டி." அப்புறம் தீதிக்கு இரண்டு பெட்டி. ஒரு மாதம்கூடத் தவறவில்லை. படகு ரத்தாகி வேறு நாளுக்குத் தள்ளிப்போன மாதத்தில் பெரிய கடை ஒன்று வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. தீதியின் இரண்டு பெட்டி அந்த மாதமும் இருந்தது. அந்த மெசேஜை இன்னொரு தடவை ஓட்டிக் கேட்டேன். யார்மீது என்று தெரியாமல் கோபம் வந்தது.

ஒரு மெசேஜைச் சின்ன முதலாளிக்கும் போட்டுக் காட்டினேன். எழுதியதை வைத்துக்கொண்டு பேசினேன். வடக்குக் கடைகளை ஊர்க் கடைகளோடு சேர்த்து வரிசைப்படுத்தக் கூடாது, படகுக்கும் லாரிக்கும் காத்திருக்கிறவர்களை அவர்களுக்குள்ளேயே வரிசைப்படுத்த வேண்டும் என்றேன். சேர்ந்து போடுகிற பில்லை அனுமதிக்க வேண்டும், ஆனால் எந்தப் பெட்டி எந்தக் கடையுடையது என்று பில்லில் ஒரு கட்டம் சேர்த்துவிட்டால் மார்க்கும் சரியாக வரும் என்றேன்.

"நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்கா" என்றார் உடனே. அதுதான் அவர் குணம். தனிச் சலுகையை நிறுத்தினார். பரிசை ஒரு பெயருக்கென்று இல்லாமல் மொத்தக் கூட்டத்துக்கும் தரலாம் என்று அவரே சொன்னார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்ப எழுந்தேன்.

"இன்னொண்ணுக்கா. இப்பதான் கடைவாரியா தெளிவா வருதே. வடக்குல தொகை மார்க் ஒண்ணு வாங்குற கடைங்கள எடுத்துரலாம். படகுல இடமே கிடைக்காம அல்லாடுறோம். அந்த இடத்துல நல்லா போற கடைக்கு ரெண்டு பெட்டி கூடப் போடலாம். சின்னவங்க ஜெட்டிக் கடையிலயே சில்லறைக்கு வாங்கிக்கட்டும்."

சரி என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். என் கம்ப்யூட்டரில் அந்த ஒரு வருடக் கணக்கில் தீதிக்கும் ஒரு வரி போட்டு மார்க் பார்த்து வைத்திருந்தேன், அவருக்கு இன்னும் காட்டவில்லை. ஐந்து, ஐந்து, ஒன்று. முதல் இரண்டு எண்ணில் அவர் ஜெட்டிக் கடைக்காரருக்குச் சமம். மூன்றாவதில் கடைசிப் பங்கு. மாதம் இரண்டு பெட்டிக்கு வேறென்ன வரும்? ஜெட்டிக் கடையில் சில்லறை விலைக்கு வாங்கி, அதே சின்னத் தீவில் அவர் யாருக்கு என்ன விலைக்கு விற்பார்?

போன் போட்டேன். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். உங்கள் பெயரைப் போட்டால் நல்ல மார்க் இரண்டு வரும், அப்புறம் சரக்கு நிற்கும் என்றேன்.

"பேரே வேணாம்கா, எடுத்துருங்க" என்றார் தீதி. "இத்தன வருஷம் பேரில்லாமத்தான வந்துச்சு. ஆனா தாதா கோவமா இருக்காரே."

தாதாவையும் கூப்பிட்டேன். பத்து நிமிடம் மற்ற நான்கு பேரையும் வைதார். எங்கள் மெசேஜையும் சேர்த்து வைதார். வாங்கிக்கொள்ள வேண்டிய வசவுதான். பிறகு தீதி விஷயத்தைச் சொன்னதும் குரல் தணிந்தது. "தீதி கா மேரே மே ஜோட் தோ" என்றார். அவருடையதை என் கணக்கில் சேர்த்துவிடு. அவ்வளவு சீக்கிரம் சொல்லுவார் என்று நான் நினைக்கவில்லை.

எண் விஷயத்தில் நான் கறாரான ஆள். ஒரு பாக்கெட் வித்தியாசம் வந்தாலும் கிடங்கையே திரும்ப எண்ணச் சொல்லுவேன். அதற்காகவே என்னைப் பிடிக்காதவர்கள் இங்கே இருக்கிறார்கள். தீதியின் வரியை அழித்தேன். இரண்டு பெட்டியை ஜெட்டிக் கடையின் கட்டத்தில் கூட்டினேன். களைப்பாக மட்டும் இருந்தது.

சின்ன முதலாளி பட்டியலை மேலிருந்து கீழே நிதானமாகப் பார்த்தார். லாங் ஐலண்ட் வந்ததும் நிறுத்தினார்.

"அக்கா, அந்தக் குரல் மெசேஜ்ல கடைசியா தீதினு ஏதோ சொன்னாரே. அது ஆறாவது கடையா?"

"அவருக்கு அக்கா முறை, தம்பி. வீட்டுக்கு வாங்குறது."

"அப்ப கடை அஞ்சுதான்."

"அஞ்சுதான்" என்றேன்.

தலையாட்டிவிட்டு மாயாபந்தருக்குப் போனார். தனிச் சலுகை நின்றதால் மற்ற நான்கு பேரும் திரும்பச் சேர்ந்துகொண்டார்கள்; அடுத்த படகில் லாங் ஐலண்ட் சரக்கு ஒரே சீட்டாக ஏறியது. அதில் ஜெட்டிக் கடையின் கட்டத்தில் பன்னிரண்டு இல்லை, பதினான்கு பெட்டி.